நெருப்பு எரிகிறது, எந்திரம் ஏன் நின்றது?



நாங்கள் பணியாற்றும் பள்ளி ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கம், ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. முன்பு பால்மரம் நின்ற இடம், இப்போது செம்பனை. அந்தப் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுடன் சேர்ந்து தகர டின்களைக் கொண்டு ஒரு வெப்பக் காற்று எந்திரம் செய்தோம். அது ஓடிய கதையை விட நின்ற கதைதான் சுவையானது. ஆகவே நின்ற இடத்திலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம்.

பெற்றோர் தினத்தன்று மேசை மேல் அந்த எந்திரத்தை வைத்து, அடியில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினோம். சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் அது ஓடத் தொடங்கியது. பெற்றோர் கூடிவிட்டார்கள். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு தளர்ந்தது, இன்னும் இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. மெழுகுவர்த்தியோ முன்போலவே எரிந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் நின்ற பையன் கேட்டான்: "சார், நெருப்புதான் எரியுதே, அப்புறம் ஏன் நின்னுச்சு?"

"சூடு பத்தவில்லை தம்பி" என்று சொல்லி இன்னொரு மெழுகுவர்த்தியை ஏற்றினோம். எந்திரம் அசையவில்லை. டின் தொட முடியாத அளவுக்குக் கொதித்ததுதான் மிச்சம். எங்கள் பதில் தவறு என்று அங்கேயே தெரிந்துவிட்டது. சரியான பதில் என்ன என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

முதலில் எந்திரத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். கேட்பவர்கள் மனத்தில் ஒரு படம் எழுதிக்கொள்ளுங்கள்.

இனிப்புப் பால் டின் இரண்டு வேண்டும். ஒரு காலத்தில் கோப்பிக் கடையில் இந்த டின்னில்தான் கயிறு கட்டிக் கோப்பியைத் தொங்கவிட்டுத் தருவார்கள். ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர் அகலம், எட்டு சென்டிமீட்டர் உயரம். கீழ் டின்னின் மூடியை முழுதும் எடுத்துவிட வேண்டும். அதன் வாய்மேல் இரண்டாவது டின்னை நிமிர்த்தி உட்கார வைத்து, கார் பட்டறையில் பயன்படுத்தும் வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசையால் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். இப்போது கீழ் டின் காற்று அடைபட்ட அறை. மேல் டின் தண்ணீர் ஊற்றும் கிண்ணம். கீழே நெருப்பு, மேலே தண்ணீர், நடுவே காற்று. முக்கியமானது இவ்வளவுதான்.

அந்தக் காற்றறைக்குள் ஏறி இறங்குவதற்கு ஒரு பொருள் தேவை. பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிப் பஞ்சை ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு உருட்டி, மெல்லிய கம்பியால் கட்டினோம். டின்னின் சுவரைத் தொடாமல் சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நூல்களில் இதற்கு இடம்பெயர்ப்பி என்று பெயர். இது காற்றை மேலும் கீழும் விரட்டுவதால் எங்கள் பிள்ளைகள் 'துரத்தி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாங்களும் அப்படியே சொல்கிறோம்.

துரத்தியின் நடுவில் ஒரு சைக்கிள் கம்பி. அது மேல் டின்னின் அடித்தகட்டைத் துளைத்துக்கொண்டு, தண்ணீருக்கு நடுவே நிற்கும் ஒரு குழாய் வழியாக வெளியே வர வேண்டும். இந்தக் குழாய்தான் எங்களை மிகவும் அலைய வைத்தது. கம்பி தன் எடையிலேயே நழுவ வேண்டும். ஆனால் காற்று கசியக் கூடாது. கடைசியில் உடைந்துபோன ஒரு டிரான்சிஸ்டர் வானொலியின் ஏரியல் கைகொடுத்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அதன் பித்தளைக் குழாய்களில் ஒன்று கம்பிக்குப் பொருத்தமாக அமைந்தது. ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டதும் சரியாகிவிட்டது.

கீழ் டின்னின் பக்கவாட்டில், மேல் விளிம்பை ஒட்டி ஒரு துளையிட்டு, ஒரு வளைகுழாயைப் பொருத்தினோம். குழாயின் வாயில் நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மூடி. அந்த மூடியின் மேல் பலூன் தோலை இழுத்துக் கட்டினோம். உள்ளே காற்று பெருத்தால் தோல் உப்பும். சுருங்கினால் உள்ளே குழியும். எந்திரத்துக்கு வேலை செய்து கொடுப்பது இந்தத் தோல்தான்.

இனி மேலே கிடைமட்டமாக ஒரு வளைகம்பி. அதில் இரண்டு வளைவுகள். நடுவில் உள்ளது துரத்தியைத் தூக்க. மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வளைத்தால் துரத்தி இரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும். ஓரத்தில் உள்ளது பலூன் தோலுக்கு. நான்கு மில்லிமீட்டர் போதும். துரத்தியின் கம்பியை வளைவோடு தூண்டில் நரம்பால் கட்டினோம். இறங்கும்போது அது தன் எடையிலேயே இறங்கிக்கொள்ளும். பலூன் தோலின் நடுவில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டி, அதிலிருந்து விறைப்பான கம்பி போகிறது. இரண்டு வளைவுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, அதாவது கால் சுற்று தள்ளி இருக்க வேண்டும். ஒரு முனையில் பழைய சிடி இரண்டை ஒட்டினால் சக்கரம். துரத்தியின் எடைக்கு ஈடாகச் சக்கரத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒரு நட்டு.

வளைகம்பி செய்வதற்கு முன்பே செய்து பார்க்க வேண்டிய ஒரு சோதனை உண்டு. அதைச் செய்யாததால் எங்களுக்கு முதல் எந்திரம் முழுதும் வீணாயிற்று. மேல் டின்னில் தண்ணீர் ஊற்றி, கீழே நெருப்பு வைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பிறகு துரத்தியைக் கையாலேயே தூக்கி இறக்குங்கள். தூக்கும்போது தோல் உப்ப வேண்டும். இறக்கும்போது குழிய வேண்டும். அப்படி ஆகாவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. குழாய் வழியாக மெல்ல ஊதி, ஒட்டிய இடங்களில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள்; குமிழி காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தச் சோதனையிலேயே எந்திரத்தின் சுற்று முழுதும் அடங்கியிருக்கிறது. துரத்தி மேலே போனால், காற்று அதைச் சுற்றியும் அதன் ஊடாகவும் கீழே இறங்குகிறது. அங்கே சூடான தகடு. காற்று சூடேறி, அழுத்தம் கூடித் தோலை வெளியே தள்ளுகிறது. தோல் வளைகம்பியைத் திருப்புகிறது. வளைவுகள் கால் சுற்று தள்ளி இருப்பதால், தோல் உப்பி முடியும் நேரத்தில் துரத்தி பாதி இறங்கியிருக்கும். அது மேலும் இறங்க, காற்று மேலே தண்ணீர்ப் பக்கம் போகிறது. அங்கே குளிர்ந்து சுருங்குகிறது. இப்போது உள்ளே அழுத்தம் குறைவு. வெளியே நம்மைச் சுற்றியுள்ள காற்று தோலை உள்ளே அழுத்துகிறது. சக்கரத்தின் வேகம் துரத்தியை மறுபடி தூக்குகிறது. பழைய காற்றேதான், வெளியே போவதும் இல்லை, புதிதாக வருவதும் இல்லை.

இரண்டு வளைவையும் ஒரே பக்கமாக வைத்துவிட்டால் என்ன ஆகும்? தோல் போகும்போது எவ்வளவு தள்ளுகிறதோ, வரும்போது அவ்வளவையும் திருப்பி வாங்கிக்கொள்ளும். எந்திரம் ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடும். அப்படி ஒருமுறை நடந்ததும் உண்டு.

கம்பிப் பஞ்சைப் பற்றி ஒரு சொல். கீழிருந்து மேலே போகும் காற்று பஞ்சின் வழியே போகையில் தன் சூட்டில் ஒரு பகுதியை அதனிடம் கொடுத்துவிட்டுப் போகிறது. திரும்பி வரும்போது அதை எடுத்துக்கொள்கிறது. இந்த யோசனைதான் ராபர்ட் ஸ்டெர்லிங் என்பவரின் பெரிய கண்டுபிடிப்பு. அவர் ஸ்காட்லாந்தில் ஒரு தேவாலயப் போதகர். 1816-இல் இந்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் அவருடைய யோசனை வேலை செய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்தது.

சரி, எந்திரம் நின்றதற்கு வருவோம்.

பெற்றோர் தினத்துக்குப் பிறகு, மல்டிமீட்டரோடு வரும் வெப்பமானிக் கம்பியை டின்னின் அடியில் பொருத்தினோம். மேல் டின் தண்ணீரில் பள்ளி வெப்பமானி ஒன்றை நிறுத்தினோம். சக்கரத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, ஒரு பிள்ளை கடிகாரம் பார்க்க, மற்றொரு பிள்ளை இருபது விநாடிக்குள் எத்தனை சுற்று என்று எண்ணினாள். அதை மூன்றால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும்.

தொடங்கும்போது அடித்தகடு ஏறக்குறைய 210 டிகிரி. தண்ணீர் 31 டிகிரி; குழாயில் வருவதே நம் ஊரில் அவ்வளவு சூடாகத்தான் வருகிறது. வித்தியாசம் 180 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வேகம் நிமிடத்துக்கு 150 சுற்று. நேரம் ஆக ஆக, அடித்தகடு அங்கேயே நின்றது, தண்ணீர்தான் ஏறியது. தண்ணீர் 60 டிகிரி ஆனபோது வித்தியாசம் 150. சுற்று 105 ஆகிவிட்டது. தண்ணீர் 80 டிகிரியில் வித்தியாசம் 130, சுற்று 75. இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

அந்தக் கணமே தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடையில் வாங்கிய ஐஸ் கட்டியோடு புதுத் தண்ணீர் ஊற்றினோம். மெழுகுவர்த்தியைத் தொடவில்லை. தண்ணீர் 5 டிகிரி, வித்தியாசம் 205. சக்கரத்தைத் தட்டியதும் 187 சுற்று வேகத்தில் ஓடியது. அன்றைக்கு அதுதான் அதிக வேகம். நெருப்பைக் கூட்டாமல் ஐஸைச் சேர்த்து எந்திரத்தை விரைவாக்கியதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மெழுகுவர்த்தியிலிருந்து டின்னுக்குள் வரும் சூட்டில் மிகமிகச் சிறு பகுதிதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மற்றதெல்லாம் காற்றின் வழியாகவும் டின் சுவரின் வழியாகவும் மேலே உள்ள தண்ணீருக்குத்தான் போகிறது. அதனால்தான் தண்ணீர் கொதிநிலையை நோக்கி ஏறுகிறது. காற்று மேலே போனால் குளிர வேண்டும். தண்ணீரே சூடாகிவிட்டால் அது எங்கே குளிரும்? குளிராத காற்று சுருங்காது. சுருங்காவிட்டால் தோல் உள்ளே வராது. இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றி நாங்கள் செய்தது, ஏற்கெனவே சூடாகிவிட்ட தண்ணீரை இன்னும் விரைவாகச் சூடாக்கியதுதான். பிறகு, குளிர்ந்த தண்ணீரோடு தொடக்கத்திலிருந்தே இரண்டு மெழுகுவர்த்தியை வைத்துப் பார்த்தோம். முதல் மூன்று நிமிடம் பிரமாதமாக ஓடியது. ஏழாவது நிமிடத்துக்குள் நின்றுவிட்டது.

காற்று எவ்வளவு பெருக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 27 டிகிரியில் உள்ள காற்றை, வெப்பநிலையின் அடிமட்டத்திலிருந்து எண்ணினால் 300 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 273-ஐக் கூட்டினால் வருவது அது. அந்தக் காற்றை 30 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 330. முன்னூறுக்கு முப்பது கூடியது. பத்தில் ஒரு பங்கு. ஆகவே 100 கன சென்டிமீட்டர் காற்று, தடை இல்லாவிட்டால், 110 ஆகும். அந்தப் பத்துக் கன சென்டிமீட்டரை வைத்துத்தான் நம் தோல் வேலை செய்ய வேண்டும். அதனால்தான் தோலுக்கு நான்கு மில்லிமீட்டர் வளைவு போதும் என்றோம். பேராசைப்பட்டு வளைவைப் பெரிதாக்கினால், தோலை இழுக்கவே காற்றுக்குத் தெம்பு இராது. தகட்டுக்கும் தண்ணீருக்கும் 180 டிகிரி வித்தியாசம் இருந்தாலும், ஓடும் வேகத்தில் காற்று அதில் ஒரு பகுதியைத்தான் ஏறி இறங்க முடிகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

எங்கள் எண்களை வரைதாளில் குறித்தபோது வேறொன்றும் தெரிந்தது. புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் விழுந்தன. ஆனால் அந்தக் கோடு சுழியத்திலிருந்து புறப்படவில்லை. கீழே நீட்டிப் பார்த்தால் 80 டிகிரி வித்தியாசத்தில்தான் தரையைத் தொடுகிறது. முதல் 80 டிகிரியை உராய்வே தின்றுவிடுகிறது என்று பொருள். குழாயில் கம்பி உரசுவது, வளைகம்பி தாங்கியில் உரசுவது, தோலை வளைக்கும் செலவு, எல்லாம் அதில் அடங்கும். அதற்கு மேல் வரும் டிகிரிதான் வேகமாகிறது. ஆகவே வித்தியாசம் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்கு என்று கணக்குப் போடக் கூடாது. குழாய்க்கு எண்ணெய் விடாமல் ஓட்டியபோது கோடு அப்படியே வலப்பக்கம் நகர்ந்தது. ஐஸ் இருந்தும் எந்திரம் தடுமாறியது.

இன்னொன்று. எந்திரம் மெல்லத் தேய்ந்து சுழியத்துக்கு வந்து நிற்பதில்லை. நிமிடத்துக்கு அறுபது சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியதும், துரத்தியைத் தூக்கும் இடத்தில் ஒரு தயக்கம் காட்டி, சட்டென்று நின்றுவிடும். சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். கடினமான அந்த ஓர் இடத்தைத் தாண்ட அது போதவில்லை. நட்டைச் சரியான இடத்தில் ஒட்டிய பிறகு ஐம்பது சுற்று வரை தாக்குப்பிடித்தது.

வானொலியில் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் உள்ள பிலிப்ஸ் நிறுவனம் 1930களின் பிற்பகுதியில் இந்த எந்திரத்தை மறுபடி கையில் எடுத்தது. மின்சாரம் இல்லாத ஊர்களில் வானொலிப் பெட்டிக்கு மின்சாரம் தர, மண்ணெண்ணெயில் சத்தமில்லாமல் ஓடும் சிறு எந்திரம் வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 1950களின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட மின்னாக்கிகளைச் செய்தும் விட்டது. ஆனால் செலவு கட்டுப்படியாகாமல், சிறு எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டது. அதற்குள் டிரான்சிஸ்டர் வந்து, நான்கு மின்கலத்தில் வானொலி பாடத் தொடங்கிவிட்டது. அந்த டிரான்சிஸ்டர் பெட்டியின் ஏரியல்தான் எங்கள் எந்திரத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மெழுகுவர்த்தி இல்லாமல் வெந்நீரிலேயே ஓட்ட முடியுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் எந்திரம் ஓடாது. கொதிநீருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் வித்தியாசம் 70 டிகிரிதான், உராய்வுக்கே காணாது. ஆனால் ஓடும்படி செய்யலாம். குரோவேஷியாவின் சாக்ரெப் நகரப் பேராசிரியர் ஈவோ கோலின் 1983-இல் வெந்நீரில் ஓடும் எந்திரம் ஒன்றைக் காட்டினார். உயரமான டின்னை விட்டுவிட்டு, தட்டையான, அகலமான பெட்டியை அவர் எடுத்துக்கொண்டார். சூடு வாங்கவும் கொடுக்கவும் பெரிய தகடுகள். தோலின் அசைவோ மிகக் குறைவு. தண்ணீர் ஆறி, வித்தியாசம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை அது ஓடியது. அமெரிக்காவில் ஜேம்ஸ் சென்ஃப்ட் அந்த வழியிலேயே மேலும் போய், உள்ளங்கைச் சூட்டில் ஓடும் எந்திரங்களைச் செய்தார்.

அந்த வகைப் பொம்மை எந்திரம் ஒன்றை நண்பர் ஒருவர் வாங்கி வந்து கொடுத்தார். உள்ளங்கையில் வைத்தோம், ஓடவில்லை. பழுது என்று நினைத்தோம். பழுதில்லை. குளிர்நாட்டில் அறை 20 டிகிரி, கை 33 டிகிரி. எங்கள் வகுப்பறை மதியத்தில் 31 டிகிரி. கையோடு வித்தியாசம் இரண்டு டிகிரிதான். பள்ளிக்கூடத்துக் கேண்டீனிலிருந்து ஐஸ் கச்சாங்குக்குத் துருவிய ஐஸை ஒரு கிண்ணத்தில் வாங்கி வந்து, எந்திரத்தை அதன்மேல் வைத்தோம். வகுப்பறைக் காற்றே நெருப்பாகி, அது ஓடத் தொடங்கியது.

ஆனால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. கடைசி வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளைதான் அதைக் கவனித்தாள். கரும்பலகையில் படம் போட்டுப் பார்த்த பிறகே விளங்கியது. கையில் வைத்தால் கீழ்த்தகடு சூடு. துரத்தி மேலே போகும்போது காற்று கீழே வந்து பெருக்கும். ஐஸ் மேல் வைத்தால் கீழ்த்தகடு குளிர். துரத்தி மேலே போகும்போது அதே காற்று கீழே வந்து சுருங்கும். தள்ள வேண்டிய இடத்தில் இழுக்கிறது. சக்கரம் மறுபக்கம் சுற்றாமல் என்ன செய்யும்?